கறுப்பு முடிக்குப் புது நிறம்: வாடிக்கையாளர் படத்தில் காட்ட எந்த வழியை நம்பலாம்?

"இந்த காப்பர் கலர் எனக்கு எப்படி இருக்கும்?" என்று வாடிக்கையாளர் கேட்டால், அவருடைய படத்திலேயே போட்டுக் காட்ட இன்று சலூனுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, போன் கேமராவிலேயே நிறம் மாற்றிக் காட்டும் நேரடி ஆப். இரண்டாவது, ஒரு வரி எழுதினால் முடியைப் புதிதாக வரைந்து தரும் ஏஐ கருவி. மூன்றாவது, போட்டோஷாப், போட்டோபீ போன்றவற்றில் லேயர் லேயராகக் கையால் செய்வது. பழுப்பு முடிக்கும் வெளிர் முடிக்கும் இவை மூன்றும் ஏறக்குறைய ஒரே விடையைத் தரும். நம் ஊர்க் கறுப்பு முடிக்குத்தான் மூன்றும் மூன்று திசையில் போகும். ஆகவே இந்த ஒப்பீடு முழுவதும் கறுப்பு முடியை வைத்தே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் போகலாம் என்று பேச்சைத் தொடங்க ஆப் போதும். காசு வாங்கிக்கொண்டு ப்ளீச் வரை போகப் போகிற வேலைக்கு லேயர் முறையைத் தவிர வேறு எதையும் காட்டக் கூடாது. ஏஐ படத்தை வாடிக்கையாளரிடம் காட்டாமல் இருப்பதே நல்லது. ஏன் என்பது கறுப்பு முடியின் கணக்கில் இருக்கிறது.

நிறமல்ல, வெளிச்சமே சிக்கல்

ஹேர் கலரில் 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிர் பொன்னிறம். நம்மில் பெரும்பாலோர் 1 முதல் 3 வரைக்குள் இருப்பவர்கள். ஆசைப்படும் காப்பரோ பெரும்பாலும் 6-ஆம் லெவலில் இருக்கும். ஒரு படத்தில் லெவல் 2 முடியின் நடுத்தர வெளிச்சத்தை அளந்தால் 0 முதல் 255 வரையான அளவில் 28 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வெளிச்சத்தில் படமெடுத்த, ஷேடு கார்டில் உள்ள 6.4 காப்பர் முடிக் குஞ்சம் R 128, G 68, B 40 என்று வருகிறது. அதன் வெளிச்சம் சுமார் 83.

பலரும் செய்வது, முடியின் மேல் அந்தக் காப்பரை ஒரு லேயராகப் போட்டு அதன் மோடை Color என்று மாற்றுவது. Color மோடு நிறத்தை மேல் லேயரிலிருந்தும் வெளிச்சத்தைக் கீழே உள்ள படத்திலிருந்தும் எடுக்கும். கீழே இருப்பது 28 தான். ஆகவே வெளியே வருவது ஏறத்தாழ 57, 18, 0. அது காப்பர் அல்ல, அழுக்கு மெரூன். அது பிடிக்காமல் மோடை Normal ஆக்கி அடர்த்தியை ஏற்றினால் முடி இழைகளெல்லாம் மறைந்து தலையில் ஹெல்மெட் கவிழ்த்தது போலாகிவிடும். முதலில் 28-ஐ 83 வரை உயர்த்த வேண்டும், பிறகுதான் நிறம். சலூன் நாற்காலியிலும் இதே வரிசைதானே: முதலில் லிஃப்ட், பிறகு டோன். எந்தக் கருவி இந்த உயர்த்தலை நம் கையில் விடுகிறது, எது தானாக முடிவு செய்துகொள்கிறது என்பதே மூன்று வழிகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம்.

நேரடி ஆப்

இந்தத் துறையில் பெரிய பெயர் மோடிஃபேஸ். கனடாவின் டொராண்டோ நகர நிறுவனமான அதை லோரியல் 2018-ல் வாங்கியது. இவ்வகை ஆப்கள் ஒவ்வொரு ஃபிரேமிலும் முடி எது, தோல் எது என்று பிரித்து, முடிப் பகுதியில் நிறம் ஏற்றுகின்றன. தலையைத் திருப்பினால் நிறமும் கூடவே திரும்பும். நாற்காலியில் அமர்ந்த 2 நிமிடத்தில் பத்து ஷேடைப் பார்த்துவிடலாம். சூடான நிறமா, சாம்பல் சாயலா, சிவப்பா என்று ஒருவர் மனத்தை அறிய இதைவிட வேகமான வழி இல்லை.

வேகத்துக்காக அந்தப் பிரிப்பு சிறிய அளவுப் படத்தில் நடந்து, பிறகு பெரிதாக்கப்படும். அதனால் ஓரங்கள் மழுங்கும். நெற்றியோரக் குட்டி முடிகள் நிறம் ஏறாமல் நிற்கும், காது மடல் லேசாகச் சிவக்கும். கறுப்புச் சட்டை, கறுப்பு துப்பட்டா போட்டு வந்தவர் என்றால் முடி எங்கே முடிகிறது என்று ஆப்புக்குத் தெரியாது, தோள்பட்டையும் காப்பராகும். தலையில் வைத்த மல்லிகையும் சில நேரம் மாட்டிக்கொள்ளும். ஒரு வெள்ளைத் துண்டைத் தோளில் போர்த்தி, பூவைக் கழற்றிவிட்டால் இவற்றில் பாதி சரியாகும்.

துண்டு போர்த்தித் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஆப்புக்கு உங்கள் வாடிக்கையாளரின் முடி லெவல் 2 என்பதோ, அதில் பழைய கறுப்பு டை இருக்கிறது என்பதோ தெரியாது. கேட்ட ஷேடைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. சில ஆப்கள் கறுப்பு முடியை ஒரே சீராக வெளுத்துவிட்டு நிறம் பூசும், சில வெளுக்காமலே பூசும். முதலாவது நடக்காததைக் காட்டுகிறது, இரண்டாவது எதையுமே காட்டுவதில்லை. ஒரு கம்பெனி ஆப்பில் அந்தக் கம்பெனி ஷேடுகள் மட்டும் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். எண்களும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. லோரியலில் புள்ளிக்குப் பின் 4 என்றால் காப்பர். வெல்லாவில் கோட்டுக்குப் பின் 4 என்றால் சிவப்பு.

நரைத்த முடிக்கு இதே ஆப் நன்றாகவே வேலை செய்யும். நரையில் வெளிச்சம் ஏற்கெனவே இருக்கிறது, உயர்த்த வேண்டியதில்லை.

ஏஐ வரைந்து தரும் படம்

பார்க்க மூன்றிலும் அழகானது இதுதான். ஆபத்தும் இதில்தான் அதிகம். இந்தக் கருவி இருக்கிற முடிக்கு நிறம் மாற்றுவதில்லை, அந்த இடத்தில் புது முடியை வரைகிறது. சுருள் தளர்ந்து அலையாகும், அடர்த்தி கூடும், நுனிப் பிளவு காணாமல் போகும், வகிடு இடம் மாறும். வாடிக்கையாளருக்குப் பிடித்தது நிறமா, அந்த அடர்த்தியா என்று பிரித்தறியவே முடியாது. 6.4 என்று எழுதினால் அதற்கு ஷேடு கார்டு அர்த்தம் புரியும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே வரியை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு காப்பர் வரும். ஷேடு எண்ணோடு கட்டிப்போட முடியாத படத்தை வைத்துக்கொண்டு கலரிஸ்ட் கிண்ணத்தில் எதைக் கலப்பார்?

இன்னொன்று, முகப்படம் பெரும்பாலும் வேறொருவர் சர்வருக்குப் போகிறது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை மையமாக வைத்தது. "படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்பதும், "வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பலாமா?" என்று கேட்பதும் ஒன்றல்ல. போட்டோபீ பிரவுசரில் ஓடினாலும் ஃபைலை உங்கள் கணினியிலேயே வைத்துத் திருத்துகிறது, இந்தச் சிக்கல் அங்கே இல்லை.

ஏஐ-ஐ ஒரே ஓர் இடத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம்: முடியைத் தேர்வு செய்து மாஸ்க் ஆக்குவதற்கு. அங்கே அது எதையும் புதிதாக வரைவதில்லை.

லேயர் முறை: ஒரு படத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்

மேலே சொன்ன லெவல் 2, தோள்வரை நீளம், கேட்ட ஷேடு 6.4. இதையே எடுத்துக்கொள்வோம்.

பாதி வேலை படம் எடுப்பதில். நேர் வெயில் விழாத ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள், டியூப் லைட்டை அணையுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்க முடி நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும், அதைப் பின்னால் திருத்துவது பெரும்பாடு. பியூட்டி மோடு வேண்டாம். பின்னால் வெளிர் சுவர். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 2x லென்ஸில் எடுத்தால் முகம் உப்பித் தெரியாது. போன் முகத்துக்கு வெளிச்சம் சரிசெய்யும்போது கறுப்பு முடி ஒரே மையாகிவிடும். ஆகவே எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் அளவு கூட்டுங்கள், நெற்றி வெளுத்துப் போகாத வரை. மையாகிப் போன இடத்தில் இழைகளே இல்லை, 28-ஐ 83 ஆக்கும்போது அங்கே வெறும் புள்ளி இரைச்சல்தான் எழும்.

உடனே அதே இடத்தில், அதே எக்ஸ்போஷரில், ஷேடு கார்டின் குஞ்சத்தைக் காதுக்கருகே பிடித்து இரண்டாவது படம். கம்பெனி வெப்சைட்டில் உள்ள ஷேடு படத்திலிருந்து நிறம் எடுப்பவர்கள் இந்த ஒரு படியை விடுவதால்தான் தவறுகிறார்கள். குஞ்சத்தின் பளபளப்பிலிருந்தோ மடிப்பிலிருந்தோ அல்லாமல் நடுவிலிருந்து, ஐட்ராப்பரை 11 by 11 Average என்று வைத்து எடுக்க வேண்டும். 128, 68, 40 வந்தது இப்படித்தான்.

மாஸ்க். போட்டோஷாப்பில் Select and Mask போய் முடியைத் தேர்ந்து, ஓரங்களில் Refine Edge Brush ஓட்டுங்கள். வெளிர் சுவருக்கு முன் கறுப்பு முடி என்பதால் ஓரம் சுலபமாகப் பிரியும். நெற்றிக் குட்டி முடிகளை முழுதாகச் சேர்க்காமல் மாஸ்க்கில் பாதிச் சாம்பலாக விடுங்கள், முழுதாகச் சேர்த்தால் நெற்றித் தோலும் காப்பராகும். புருவத்தைத் தொடவே வேண்டாம். இந்த மாஸ்க்கை ஒரு குரூப்பில் மாட்டி, இனி வருகிற எல்லா லேயரையும் அந்த குரூப்புக்குள் வையுங்கள். பிறகு மாஸ்க்கை ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

அடுத்து உயர்த்தல். குரூப்புக்குள் ஒரு Curves. 28-ஐ 83-க்கும், 150-ஐ 185-க்கும் கொண்டுபோகும் இரண்டு புள்ளிகள். மூன்றாவது புள்ளியை மறக்கக் கூடாது: 8-ஐ 14-க்கு மேல் போக விடாமல் கட்டிப்போடுவது. முடிக்கற்றைகளுக்கு இடையே இருட்டு இருட்டாகவே இருந்தால்தான் கண் அதை முடி என்று நம்பும். இந்தக் கட்டத்தில் முடி சாம்பல் பூத்த மாதிரி அசிங்கமாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

நிறத்துக்கு ஒற்றைக் காப்பர் லேயரைவிட Gradient Map நல்லது. நிஜக் காப்பர் முடியில் நிழல் சிவப்புப் பழுப்பாகவும் வெளிச்சம் படும் இடம் ஆரஞ்சு மஞ்சளாகவும் இருக்கும், ஒரே காப்பர் எங்கும் இருக்காது. இருட்டுக்கு `#1f0f0a`, நடுவில் குஞ்சத்திலிருந்து எடுத்த `#804428`, வெளிச்சத்துக்கு `#d08a55`. மோடு Color, அடர்த்தி 80 சதவீதம். பிறகு Blend If-இல் Underlying Layer-இன் வெள்ளை முக்கோணத்தை Alt பிடித்து இரண்டாகப் பிரித்து, 190-க்கும் 240-க்கும் இடையே நிறம் மெல்ல மறையும்படி வையுங்கள். முடியின் மேல் விழும் வெள்ளைப் பளபளப்புக்கு நிறம் ஏறக் கூடாது என்பதற்காக.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நன்றாகச் செய்த படத்துக்கும் சாயம் பூசிய மாதிரித் தெரியும் படத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பளபளப்பில்தான் வருகிறது. முடி இழையில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று மார்ஷ்னரும் அவர் குழுவினரும் 2003-ல் அளந்து காட்டினார்கள். ஒளியின் ஒரு பகுதி இழையின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. அது விளக்கின் நிறத்திலேயே, வெள்ளையாக இருக்கும். இன்னொரு பகுதி உள்ளே போய், பின்சுவரில் பட்டு, முடியின் நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. மேற்பரப்புச் செதில்கள் சாய்ந்திருப்பதால் வெள்ளைப் பட்டை வேர்ப் பக்கமாகவும் நிறப் பட்டை நுனிப் பக்கமாகவும் நகர்ந்து விழும். கறுப்பு முடிக்குள் போகும் ஒளியை மெலனின் விழுங்கிவிடுவதால் வெள்ளைப் பட்டை மட்டுமே தெரியும். ஆகவே கறுப்பு முடிப் படத்தில் அந்த இரண்டாவது பட்டை இல்லவே இல்லை, எவ்வளவு கர்வ்ஸ் போட்டாலும் வராது. நாம்தான் சேர்க்க வேண்டும்.

குரூப்புக்குள் ஒரு புது லேயர், மோடு Soft Light. வெளிர் காப்பர் `#e09a60` எடுத்து, 10 சதவீத ஃப்ளோவில் மெல்லிய பிரஷ்ஷால், வெள்ளைப் பளபளப்புக்குச் சற்றுக் கீழே, நுனிப் பக்கமாக, இழை ஓடும் திசையிலேயே தீட்டுங்கள். கோடு சீராக இருக்கக் கூடாது, சில கற்றைகளில் மட்டும் இருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை, படம் அப்போதுதான் உயிர்பெறும்.

இன்னும் இரண்டு சின்னத் திருத்தம். வேரில் ஒரு சென்டிமீட்டரை மாஸ்க்கில் லேசாக இருட்டாக்குங்கள். கன்னமும் கழுத்தும் முடியைத் தொடும் இடத்தில், குரூப்புக்கு வெளியே, அதே காப்பரை Soft Light-இல் 6 சதவீதம் விடுங்கள், முடியின் நிறம் தோலில் கொஞ்சம் எதிரொலிக்கும். சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு Black & White லேயர் போட்டுப் பாருங்கள். நிறமில்லாமலும் அது முடியாகத் தெரிந்தால் சரி. தட்டையான சாம்பல் அட்டையாகத் தெரிந்தால் கர்வ்ஸில் இருட்டுப் புள்ளி நழுவியிருக்கிறது.

முதல் முறை முக்கால் மணி நேரம் ஆகலாம். லேயர்களை அப்படியே டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டால் அடுத்த படத்துக்கு மாஸ்க்கும் கர்வ்ஸும் பட்டை தீட்டலும் மட்டுமே புதிது, கால் மணி நேரத்தில் முடியும்.

ஒரு படமல்ல, இரண்டு படம்

லேயர் முறைக்கு இவ்வளவு நேரம் செலவழிப்பதன் உண்மையான லாபம் இப்போதுதான் வருகிறது. கர்வ்ஸின் ஒரு புள்ளியை நகர்த்தினால் ப்ளீச் இல்லாத முடிவையும் காட்டலாம்.

லெவல் 2 முடியில் 20 வால்யூம் டெவலப்பரோடு கலர் போட்டால் ஒன்று அல்லது இரண்டு லெவல்தான் ஏறும். ஆக முடிவு லெவல் 4 பக்கம். அதற்கு 28-ஐ 83-க்கு அல்ல, 44-க்கு மட்டுமே கொண்டுபோக வேண்டும். நடு நிறமும் 66, 36, 28 போலச் செம்பழுப்பாக இறங்கும், லெவல் 4-இல் முடிக்குள் இருக்கும் சிவப்பு அடித்தளம் அதில் கலந்திருக்கிறது. வீட்டுக்குள் பார்த்தால் கறுப்புக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் தெரியாது, வெயிலில் மட்டும் மின்னும். வாடிக்கையாளருக்கு இதை வாயால் விளக்கிப் புரிய வைப்பது கஷ்டம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் "ப்ளீச் வேணாம், ஆனா அந்த கலர் வேணும்" என்ற பேச்சு அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது படம், ப்ளீச்சோடு. அதிலும் ஷேடு கார்டை அப்படியே நம்ப வேண்டாம். குஞ்சம் வெளிர் இழையில் சாயமேற்றிச் செய்தது. நம் முடியை லெவல் 6 வரை வெளுத்தால் அடியில் ஆரஞ்சு நிற்கும். காப்பருக்கு அது சாதகம், படத்தில் இன்னும் கொஞ்சம் சூடாக விட்டாலே போதும். 7.1 போன்ற சாம்பல் ஷேடு கேட்பவருக்குத்தான் அது வினை. அவர்களுக்கு மூன்றாவதாக, ஆறு வாரம் கழித்து எப்படி இருக்கும் என்றும் ஒரு படம் தேவை: நிறச் செறிவைக் குறைத்து, சாயலை மஞ்சள் பக்கம் தள்ளி, வேரில் ஒன்றரை சென்டிமீட்டர் சொந்த நிறத்தைத் திரும்ப விடுங்கள்.

பழைய டை இருக்கும் முடிக்கு ஒற்றை மாஸ்க் போதாது. கலர் போட்டுக் கலரை வெளுக்க முடியாது என்பது கலரிஸ்டுகளுக்குத் தெரிந்ததே. வேரில் வளர்ந்த சொந்த முடி ஏறும், நீளத்தில் உள்ள டை அசையாது. ஆகவே வேருக்கு ஒரு குரூப், நீளத்துக்கு ஒரு குரூப், இரண்டுக்கும் வேறு வேறு கர்வ்ஸ். வேர் பளிச்சென்றும் நுனி கறுப்பாகவும் வருகிற அந்தப் படம் அழகாக இருக்காது. ஆனால் ஒரே நாளில் போட்டால் வரப்போவது அதுதான், அதைக் காட்டிய பிறகு டை நீக்கும் வேலைக்குத் தனி நாளும் தனிக் கட்டணமும் கேட்பதில் தகராறு இராது. எந்த ஆப்பும் இந்தப் படத்தைத் தராது.

எதை எப்போது

டை இல்லாத முடியில் ஒன்றிரண்டு லெவல் மாற்றம், அல்லது நரை மறைப்பு என்றால் ஆப்பில் திசையைப் பார்த்துவிட்டு ஷேடு கார்டோடு வேலையைத் தொடங்கலாம், லேயர் முறை வீண் உழைப்பு. ப்ளீச் தேவைப்படும் எந்த மாற்றமும், பழைய டை உள்ள எந்தத் தலையும், கல்யாணத்துக்கு முன் வருகிற எந்த மணப்பெண்ணும் லேயர் முறைக்கு. அன்றே போட வேண்டும் என்று அவசரப்படுபவருக்கு ப்ளீச் இல்லாத படம் ஒன்றையாவது செய்து காட்டுங்கள்.

காட்டும் இடத்திலும் நிறம் கெடும். ஃபைலை sRGB-யில் ஜேபெக் ஆகச் சேமியுங்கள். இல்லாவிட்டால் சில போன்களில் காப்பர் அடித்துக்கொண்டு தெரியும், சிலவற்றில் வெளிறும். திரையில் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், ஐ கம்ஃபர்ட் எது இருந்தாலும் அணைத்து, பிரைட்னஸைப் பாதிக்கு மேல் வைத்து, படம் எடுத்த அதே ஜன்னலருகே காட்டுங்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அல்லாமல் டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காது. படத்தின் ஓரத்தில் ஷேடு எண்ணையும், ப்ளீச் உண்டா இல்லையா என்பதையும் எழுதி அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து அதே படத்தோடு திரும்பி வரும்போது கவுன்டரில் யார் இருந்தாலும் என்ன பேசப்பட்டது என்று தெரிந்துவிடும்.